ரோலிங் ரிசர்வ்: கார்டு விற்பனையில் பிடித்து வைத்த பணம் எப்போது, எப்படித் திரும்பும்?

இணையத்தில் பொருள் விற்கும் சிலருக்கு நான் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணத்துக்கு நெடுகிலும் ஒரே கடையை எடுத்துக்கொள்கிறேன்: நாச்சியார்கோயில் குத்துவிளக்கை ஆர்டரின் பேரில் செய்து அனுப்பும் கடை. வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் வெளிநாட்டில். மாதத்துக்கு 5 லட்சம் ரூபாய் கார்டு விற்பனை. பணம் வாங்கி ஒரு மாதம் கழித்துத்தான் விளக்கு கைக்குப் போய்ச் சேரும். தொகைகள் கணக்கு புரிவதற்காக நான் போட்டவை.

கமிஷன் 2 சதவீதம்தான் என்றார்கள். 20,000 ரூபாய்க்கு விற்றால் 17,528 ரூபாய்தான் வருகிறது. மீதி எங்கே?

கமிஷன் 400 ரூபாய். அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, 72 ரூபாய். இந்த 472 ரூபாய் போனது போனதுதான். மிச்சமுள்ள 2,000 ரூபாய் ரோலிங் ரிசர்வ். அது உங்கள் பணம், இப்போதைக்கு அக்வயரரிடம் இருக்கிறது. அக்வயரர் என்றால், வாடிக்கையாளரின் கார்டிலிருந்து வரும் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் போடும் வங்கி அல்லது நிறுவனம். நடுவில் பேமென்ட் கேட்வே இருந்தால் பிடித்தம் அவர்கள் அறிக்கையில்தான் தெரியும்.

ஒப்பந்தத்தில் பொதுவாக இரண்டு எண்கள் இருக்கும், எத்தனை சதவீதம், எத்தனை நாள். நம் கடைக்கு 10 சதவீதம், 180 நாள். ஒவ்வொரு நாள் விற்பனையிலும் பத்தில் ஒரு பங்கு ஒதுக்கப்படும். அந்தந்த நாளின் பங்கு 180 நாள் கழித்துத் தனியாக விடுவிக்கப்படும். ‘ரோலிங்’ என்று பெயர் வந்ததே இதனால்தான். ஒரு பக்கம் புதுப் பங்கு உள்ளே போக, மறுபக்கம் பழைய பங்கு வெளியே வந்துகொண்டிருக்கும்.

சில அக்வயரர்கள் வேறு மாதிரி செய்வார்கள். தொடக்கத்திலேயே ஒரு தொகையை டெபாசிட்டாகக் கேட்பவர்கள் உண்டு. ஒரு உச்சவரம்பு வரும்வரை மட்டும் பிடித்துவிட்டு அதோடு நிறுத்துபவர்களும் உண்டு. அவற்றில் தினசரி விடுவிப்பு கிடையாது. உங்களுடையது எந்த வகை என்பதை முதலில் ஒப்பந்தத்தில் பார்த்துவிடுங்கள்.

நான் பொருளை ஒரு மாதத்தில் அனுப்பிவிடுகிறேன். அப்புறம் எதற்கு 180 நாள்?

வாடிக்கையாளர் தன் வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெறுவதை சார்ஜ்பேக் என்கிறோம். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் இதற்குப் பொதுவாக 120 நாள் அவகாசம். ஆனால் அந்த 120 நாள் எங்கிருந்து தொடங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கார்டைத் திருடிப் பயன்படுத்தினார்கள் என்ற வகைப் புகாருக்கு, பரிவர்த்தனை நடந்த தேதியிலிருந்து. பொருள் வரவே இல்லை என்ற புகாருக்கு, பொருள் வந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து. விசா விதிப்படி இந்த இரண்டாவது வகை, பரிவர்த்தனையிலிருந்து 540 நாள் வரைகூட நீளலாம்.

நம் விளக்குக் கடையில் இன்று பணம் கட்டியவருக்கு 30ஆம் நாள் விளக்கு வர வேண்டும். அதிலிருந்து 120 நாள் என்றால் 150 ஆகிவிட்டது. புகார் வங்கிகளுக்கு இடையே போய்வர இன்னும் சில நாள். 180 என்ற எண் இப்படித்தான் வருகிறது. பணம் கட்டியவுடன் பொருள் கைக்குப் போகும் கடைக்கு 90 நாள் போதும் என்று ஒப்புக்கொள்கிற அக்வயரர்கள் உண்டு. ஆறு மாதம் கழித்துப் பறக்கப்போகும் விமான டிக்கெட்டை இன்றே விற்பவருக்கு 180 நாளும் போதாது என்பார்கள்.

கடை மூடிவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் அக்வயரரின் கவலை. நீங்கள் கொடுக்க முடியாத சார்ஜ்பேக் பணத்தை அவர் தன் கைக்காசிலிருந்து கட்டியாக வேண்டும்; விசாவிடமோ மாஸ்டர்கார்டிடமோ சாக்கு சொல்ல முடியாது. உங்கள் நாணயத்தின் மீது சந்தேகம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். பணம் வாங்கி இன்னும் பொருள் கொடுக்காத தொகை எவ்வளவு என்றுதான் அவர் பார்க்கிறார். பிடித்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கும்போது இது உதவும், பின்னால் சொல்கிறேன்.

சரி, என் பணம் எப்போது வரத் தொடங்கும்? மொத்தமாக வருமா?

கடை 2025 ஏப்ரல் 1 அன்று கார்டில் பணம் வாங்கத் தொடங்கியது என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பிடித்தம் 180 நாள் கழித்து, செப்டம்பர் 28 அன்று விடுபடும். ஏப்ரல் 2 பிடித்தம் செப்டம்பர் 29 அன்று. இப்படித் துளித்துளியாகத்தான் வரும். மொத்தத் தொகைக்காகக் காத்திருந்தால் ஏமாந்து போவீர்கள்.

சுலபத்துக்காக 180 நாளை ஆறு மாதமாக வைத்துப் பார்க்கலாம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 5 லட்சம் விற்பனை, மாதம் 50,000 பிடித்தம். செப்டம்பர் முடிவில் அக்வயரரிடம் 3 லட்சம் சேர்ந்துவிட்டது. இந்த ஆறு மாதம்தான் கஷ்டகாலம், ஏனென்றால் போவது மட்டுமே உண்டு, வருவது இல்லை. அதன்பின் விற்பனை அதே அளவில் இருந்தால் மாதம் 50,000 போகும், 50,000 வரும். கையில் வரும் பணம் ரிசர்வே இல்லாதது போல ஆகிவிடும். ஆனால் அந்த 3 லட்சம் மட்டும் நீங்கள் அந்த அக்வயரர் வழியாகக் கார்டில் பணம் வாங்கும் காலம்வரை அங்கேயே நிற்கும். பெரும்பாலான ஒப்பந்தங்களில் அதற்கு வட்டியும் கிடையாது. புதிதாகத் தொடங்குபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: மாத விற்பனையில் 60 சதவீதத்தைக் கடைக்குப் போட்ட முதலாக எழுதிவிட்டு அதை மறந்துவிடுங்கள்.

தீபாவளிக்கு அமோக விற்பனை. ஆனால் பித்தளை வாங்கக் காசில்லை. இது எப்படி?

அதே கடையில் 2025 அக்டோபரில் 12 லட்சம் விற்றது. பிடித்தம் 1,20,000. அந்த மாதம் விடுபடுவது ஏப்ரல் மாதப் பங்கான 50,000 மட்டும். ஆக, விற்பனை ஏறிய மாதத்தில் ரிசர்வ் 70,000 ரூபாய் கூடி 3,70,000 ஆகிறது. பட்டறைக்குக் கூலியும் பித்தளைக்கு முன்பணமும் அதிகம் வேண்டியது அதே மாதத்தில்தான்.

நவம்பர் முதல் மார்ச் வரை விற்பனை மறுபடி 5 லட்சம். போவதும் வருவதும் சமம், 3,70,000 அப்படியே நிற்கும். தீபாவளி நாளான அக்டோபர் 20 அன்று பிடித்தது 2026 ஏப்ரல் 18 அன்று முதிரும். அது சனிக்கிழமை, கணக்கில் ஏறுவது திங்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏப்ரலில் 50,000 போய் 1,20,000 வரும், ரிசர்வ் மீண்டும் 3 லட்சத்துக்கு இறங்கும்.

விற்பனை வளரும்போது ரிசர்வ் உங்களிடமிருந்து பணத்தை உறிஞ்சும். விற்பனை படுத்துவிட்டால் பழைய பணம் திரும்பி வந்து கைகொடுக்கும். இந்த இரண்டாவது நிலை கொஞ்சம் ஆபத்தானது. வியாபாரம் சரிந்துகொண்டிருக்கும்போது வங்கிக் கணக்கைப் பார்த்தால் எல்லாம் நன்றாக இருப்பது போலத் தெரியும்.

வாடிக்கையாளருக்கு ரீஃபண்ட் கொடுத்துவிட்டேன். அந்த விற்பனைக்குப் பிடித்த 2,000 ரூபாயாவது உடனே வருமா?

வழக்கமாக வராது. ரீஃபண்ட் தொகை முழுவதும், அதாவது 20,000 ரூபாயும், அடுத்த செட்டில்மென்ட்டில், அக்வயரர் உங்கள் கணக்கில் அடுத்துப் போடும் பணத்தில், கழிக்கப்படும். பிடித்த 2,000 அதன் தேதி வரும்வரை அங்கேயே இருக்கும். உங்களுக்கு வந்தது 17,528, இப்போது போவது 20,000. அந்த 2,472 வித்தியாசத்தில் 2,000 ஆறு மாதம் கழித்து வரும், 472 பெரும்பாலும் திரும்பாது.

நிறைய ரீஃபண்ட் கொடுக்கும் கடைகளுக்கு இது சுமைதான். துணிக்கடைக்காரர் ஒருவரின் கணக்கைப் பார்த்தபோது, ரீஃபண்ட் ஆன விற்பனைகளுக்கான ரிசர்வ் மட்டுமே அவருடைய ஒரு மாத வாடகையைத் தாண்டியிருந்தது. சில அக்வயரர்கள் ரீஃபண்ட்டைக் கழித்த பிறகு மிஞ்சும் தொகையில்தான் சதவீதம் பிடிப்பார்கள். கையெழுத்துப் போடும் முன்பே இதைக் கேட்டுவிடலாம்.

சார்ஜ்பேக் வந்தால் ரிசர்விலிருந்துதானே எடுப்பார்கள்? அதற்குத்தானே வைத்திருக்கிறார்கள்?

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். நடப்பில் முதலில் கை வைப்பது அன்றாட செட்டில்மென்ட்டில். அது போதாதபோதுதான் ரிசர்வ். நவம்பரில் 18,000 ரூபாய் விளக்கு ஒன்றுக்கு சார்ஜ்பேக் வந்தால், 18,000 ரூபாயும் சார்ஜ்பேக் கட்டணமும் நவம்பர் செட்டில்மென்ட்டில் கழியும். ரிசர்வில் உள்ள பங்குகள் அசையாமல் தத்தம் தேதியில் வெளியே வரும். வழக்கில் நீங்கள் வென்றால் 18,000 ரூபாய் தனி வரியாகத் திரும்ப ஏறும்.

ஒப்பந்தத்தில் ‘ரிசர்விலிருந்து முதலில்’ என்று எழுதியிருந்தால் கதை வேறு. அப்போது குறைந்த தொகையை ஈடுகட்டச் சில நாளைக்குக் கூடுதலாகப் பிடிப்பார்கள். உங்கள் தினசரி பிடித்தம் திடீரென 10 சதவீதத்துக்கு மேல் போனால் முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.

இன்னொன்று. ரிசர்வில் 3 லட்சம் இருக்கிறது, அதனால் என் பொறுப்பு 3 லட்சம்தான் என்று கிடையாது. சார்ஜ்பேக் அதையும் தாண்டினால் மீதியை உங்களிடமே வசூலிக்கும் உரிமை அக்வயரருக்கு உண்டு.

180 நாள் முடிந்துவிட்டது, பணத்தைக் காணோம். யாரைக் கேட்பது?

கேட்கும் முன் வந்திருக்கிறதா என்று பாருங்கள். பாதி நேரம் வந்துதான் இருக்கும். விடுவித்த தொகை தனி வரவாக வங்கியில் விழாது. அன்றைய செட்டில்மென்ட்டோடு சேர்ந்து ஒரே தொகையாக விழும். அன்று ரீஃபண்ட்டும் போயிருந்தால் கண்ணுக்கே தெரியாது. வங்கிக் கணக்கை விட்டுவிட்டு, அக்வயரரின் செட்டில்மென்ட் அறிக்கையைத் திறந்து, ரிசர்வ் விடுவிப்பு என்ற வரியைத் தேட வேண்டும்.

அங்கேயும் இல்லை என்றால் நாள் எண்ணும் முறையைப் பாருங்கள். சிலர் விற்பனை தேதியிலிருந்து எண்ணுவார்கள், சிலர் செட்டில்மென்ட் தேதியிலிருந்து. பிந்தையதில் இரண்டு மூன்று நாள் தள்ளிப்போகும். இன்னும் சிலர் ஒரு வாரத்தில் முதிர்ந்ததையெல்லாம் சேர்த்து ஒரே நாளில் விடுவிப்பார்கள்.

இதற்கெல்லாம் ஒரு சின்ன எக்செல் தாள் போதும். A பத்தியில் விற்பனை தேதி, B பத்தியில் அன்றைய மொத்த விற்பனை. C அன்றைய பிடித்தம், D முதிரும் தேதி. கடைசி வரி, இன்று அக்வயரரிடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லும்.

```
C2:  =B2*10%
D2:  =A2+180
F1:  =SUMIFS(C:C,D:D,">"&TODAY())
```

மாதம் ஒருமுறை F1 எண்ணை அறிக்கையில் உள்ள ரிசர்வ் இருப்போடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் ஓரிரு நாள் பிடித்தத்துக்குள் இருந்தால் நாள் எண்ணும் முறையால் வந்தது, விட்டுவிடலாம். மாதாமாதம் கூடிக்கொண்டே போனால் எங்கோ விடுவிப்பு நின்றிருக்கிறது. அப்போது ‘என் பணம் வரவில்லை’ என்று மெயில் போடாதீர்கள். ‘அக்டோபர் 10 விற்பனையில் பிடித்த தொகை ஏப்ரல் 8 அன்று முதிர்ந்தது, அறிக்கையில் இல்லை’ என்று தேதியும் தொகையும் போட்டு எழுதுங்கள். முன்னதற்குப் பொதுவான பதில்தான் வரும், பின்னதை ஒருவர் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

கணக்கு மறுஆய்வில் இருந்தாலும் விடுவிப்பை நிறுத்தி வைப்பார்கள். கேஒய்சி காலாவதி, திடீரென மும்மடங்கு விற்பனை, ஒரே வாரத்தில் நான்கைந்து சார்ஜ்பேக், இவைதான் வழக்கமான காரணங்கள்.

கைக்கு வராத பணத்துக்கு நான் ஏன் வரி கட்ட வேண்டும்?

விற்பனை நடந்துவிட்டதே. ஜிஎஸ்டி, பில் போட்ட தேதியைப் பார்க்கிறது. அக்வயரர் எவ்வளவு பிடித்தார் என்பது அதற்குச் சம்பந்தமில்லை. 20,000 ரூபாய் பில்லுக்கு 20,000 ரூபாய்க்கான வரி. நான் பார்க்கும் கணக்குகளில் அடிக்கடி காணும் தப்பு, வங்கியில் விழுந்த 17,528 ரூபாயையே விற்பனை என்று எழுதுவது. அப்படி எழுதினால் இன்றைய விற்பனை குறையும், கமிஷன் செலவு காணாமல் போகும், ஆறு மாதம் கழித்து வரும் 2,000 ரூபாய் புது வருமானம் போல நிற்கும். விற்பனை 20,000, செலவு 400, அதன் ஜிஎஸ்டி 72 தனியாக, 2,000 ரூபாய் ‘அக்வயரரிடம் ரிசர்வ்’ என்ற பெயரில் வரவேண்டிய பாக்கி. விடுபடும் நாளில் பாக்கி குறைந்து வங்கி இருப்பு கூடும், வருமானம் கூடாது.

சதவீதத்தைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முதல் ஆறு மாதம் முடியட்டும். முதல் விடுவிப்புகள் சிக்கலில்லாமல் போன பிறகு கேட்டால்தான் காது கொடுப்பார்கள்.

‘நாங்கள் நல்ல கடை’ என்பதால் ஒன்றும் நடக்காது. அக்வயரரின் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். நம் கடை மாதம் 5 லட்சம் விற்கிறது, கொடுக்க 30 நாள் ஆகிறது. ஆக எந்த நாளில் பார்த்தாலும் 5 லட்சம் ரூபாய்க்குப் பொருள் பாக்கி. இன்று கடை மூடினால் அவருக்கு 5 லட்சம் ஆபத்து, கையில் 3 லட்சம் ரிசர்வ். அதிகம் விற்கும் மூன்று அளவு விளக்குகளை முன்கூட்டியே செய்து இருப்பு வைத்து, 10 நாளில் கொடுக்கத் தொடங்கினால் பாக்கி 1,70,000 அளவுக்கு இறங்கிவிடும். அப்போது 3 லட்சம் பிடித்து வைத்திருப்பதற்கு அவரிடம் நியாயம் குறைவு. முன்பணம் பாதி, அனுப்பும் நாளில் மீதி என்று இரண்டு தடவையாக வாங்குவதும் பாக்கியைக் குறைக்கும்.

இதைக் காட்டக் கடந்த ஆறு மாத ஆர்டர் பட்டியல் போதும். பணம் வந்த தேதி, கூரியரில் கொடுத்த தேதி, போய்ச் சேர்ந்த தேதி, டிராக்கிங் எண். கூடவே எத்தனை பரிவர்த்தனைக்கு எத்தனை சார்ஜ்பேக் என்ற கணக்கு. சதவீதத்தைக் குறைக்க மறுத்தால் நாளைக் குறைக்கக் கேளுங்கள், அதுவும் இல்லையென்றால் உச்சவரம்பு கேளுங்கள். தீபாவளி மாதத்து இடி போல வருவதைத் தடுப்பது உச்சவரம்புதான் என்பது என் அபிப்பிராயம்.

10 சதவீதம் 5 ஆகக் குறைந்தாலும் பழைய பங்குகள் உடனே வெளியே வராது. 10 சதவீதத்தில் பிடித்தவை தத்தம் தேதியில்தான் வரும். ஆனால் அந்த ஆறு மாதம் பாதி போகும், முழுதாக வரும். கையிருப்பு நன்றாக ஏறும்.

வேறு அக்வயரரிடம் மாறினால் பழைய ரிசர்வ் என்ன ஆகும்?

கூடவே வராது. பழைய அக்வயரரிடமே இருந்து, ஒப்பந்தத்தைப் பொறுத்து இரண்டில் ஒரு விதமாகத் திரும்பும். ஒன்று, முன்பு போலவே தினமும் ஒவ்வொரு பங்காக வந்து, கடைசி விற்பனையின் பங்கு 180ஆம் நாளில் முடியும். இல்லையென்றால் எல்லாமே அங்கேயே நின்று, கடைசிப் பரிவர்த்தனையிலிருந்து 180 நாள் கழித்து மொத்தமாக வரும். இரண்டாவது வகையில் ஐந்தாறு மாதத்துக்கு முன் பிடித்த பங்குகூட இன்னும் ஆறு மாதம் காத்திருக்கும், ஏறத்தாழ ஒரு வருடம். தீராத சார்ஜ்பேக் இருந்தால் அதற்கான தொகையைத் தனியாக நிறுத்தி வைப்பார்கள். புதியவரிடமும் ரிசர்வ் இருந்தால், பழையது திரும்புவதற்குள் புதியது சேர ஆரம்பித்துவிடும். அந்த ஆறு மாதத்துக்கு இரண்டு பக்கமும் பணம் மாட்டிக்கொள்ளும் என்று கணக்கிட்டுத்தான் மாற வேண்டும்.

நீங்களாக மாறினால் இவ்வளவுதான். அதிக சார்ஜ்பேக் என்று அக்வயரரே வெளியேற்றினால், மாஸ்டர்கார்டு நடத்தும் ‘மேட்ச்’ பட்டியலில் உங்கள் கடையின் பெயர் ஏறக்கூடும். அது ஐந்து வருடம் நிற்கும். புதிய அக்வயரர் உங்களைச் சேர்க்கும் முன் அதைப் பார்ப்பார்.

கடைசியாக, நானே மாட்டிக்கொண்ட ஒரு விஷயம். நான் கணக்கு பார்த்த கடை ஒன்று, உரிமையாளர் பெயரிலிருந்து பிரைவேட் லிமிடெட் ஆக மாறியது. புது கம்பெனி, புது வங்கிக் கணக்கு, அக்வயரரிடம் புது மெர்ச்சன்ட் ஐடி. பழைய நடப்புக் கணக்கில் சும்மா கட்டணம் போகிறதே என்று நானே சொல்லி மூட வைத்தேன். பழைய ஐடியின் ரிசர்வ் அந்தக் கணக்குக்குப் போய், திரும்பி, மறுபடி போய், மூன்றாம் முறை திரும்பியதும் அக்வயரர் பணத்தை நிறுத்தி வைத்துவிட்டார். அறிக்கை போன மெயில் முகவரியும் பழசு, யாரும் பார்க்கவில்லை. புது கணக்குக்கு அனுப்பச் சொன்னால், பெயர் வேறு, பான் வேறு, முடியாது என்றார்கள். உரிமையாளர் தன் பெயரில் மறுபடி ஒரு நடப்புக் கணக்கு திறந்து, ரத்து செய்த காசோலையும் கேஒய்சியும் அனுப்பி, பணம் வந்து சேர நான்கு மாதம் ஆயிற்று. அதிலிருந்து, கடைசி பங்கு வந்து சேரும்வரை பழைய வங்கிக் கணக்கையும் மெயில் முகவரியையும் போர்ட்டல் லாகினையும் யாரையும் தொடவிடுவதில்லை. முதிரும் கடைசித் தேதியை அந்தப் பாஸ்புக்கின் அட்டையிலேயே எழுதி வைத்துவிடுகிறேன்.